வீடியோவின் வாலைத் தேடுங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில்.)



சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வரும் ஒரு ஃபார்வர்டு வீடியோ உண்மையா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததை எப்படி ஒரு சின்ன வீடியோவாகத் திருப்பி அனுப்புவது என்று பேசச் சொன்னார்கள். பல உதாரணங்களைத் தொட்டுப் போவதைவிட ஒரே ஒரு வீடியோவை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்போம்.

2018 மே 9 அன்று, நமக்கு வடக்கே உள்ள திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே அத்திமூரில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்துக் கூட்டம் அடித்தது. 65 வயது மூதாட்டி ஒருவர் இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அந்த வாரங்களில் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற செய்தி வட மாவட்டங்களில் கைப்பேசி கைப்பேசியாகப் போய்க்கொண்டிருந்தது. அதே ஆண்டு கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் இதே புரளிக்கு உயிர்கள் போயின.

அந்தப் புரளியோடு இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் மிகவும் பேர்போன ஒன்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். தெருவில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பைக்கில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். வீடியோ அதோடு நின்றுவிடும். மேலேயிருந்து சிசிடிவி எடுத்தது போலவே இருக்கும். அதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும்.

இது கையில் வந்தால் முதலில் என்ன செய்வது? சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். வீடியோவுக்கு மேலே எழுதியிருப்பதும், கூடவே வரும் ஆடியோவும் யாரோ ஒருவர் பின்னால் ஒட்டியவை. அவை சொல்வது ஒன்று, காட்சியில் இருப்பது வேறு. "இது நம் பக்கத்து ஊரில் நேற்று நடந்தது" என்று ஆடியோ சொல்லும். காட்சியில் ஊரும் தேதியும் இருக்கின்றனவா? ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். இடப்பக்கம் சொல்லப்படுவது, வலப்பக்கம் கண்ணால் பார்ப்பது. வலப்பக்கத்தில் கடைப் பலகையின் எழுத்து, வண்டியின் நம்பர் பிளேட், வீட்டு வாசலின் அமைப்பு, ஆட்கள் உடுத்தியிருப்பது, பள்ளிச் சீருடை ஆகியவற்றைக் குறியுங்கள். நம் வீடியோவில் ஒரு தெரு, சுவர்கள், பைக், சிறுவர்கள் இருப்பார்கள். தமிழ்நாடு என்று சொல்ல ஒரு தடயமும் கிடைக்காது.

அடுத்து, வீடியோ எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பாருங்கள். பரபரப்பான நொடியில் சட்டென்று நின்றால், மிச்சம் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். இன்றைய பேச்சில் இந்த ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தேடல். வீடியோவை ஓட்டி, மூன்று இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பைக் பாயும்போது எடுத்தால் படம் கலங்கியிருக்கும், தேடலுக்கு உதவாது. தெருவும் சுவரும் தெளிவாகத் தெரியும் நொடியைத் தேர்ந்தெடுங்கள். மேலே யாராவது எழுத்து ஒட்டியிருந்தால் அதை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தேடுபொறி படத்தை விட்டுவிட்டு அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடும். பிறகு கூகுள் செயலியில் தேடும் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கேமரா சின்னத்தைத் தொட்டு, அந்தப் படத்தைக் கொடுங்கள். அதுதான் கூகுள் லென்ஸ். ஒரு படத்துக்குப் பதில் வராவிட்டால் இரண்டாவது, மூன்றாவது படத்தைக் கொடுங்கள்.

வரும் முடிவுகளில் முதலில் நிற்பதை நம்பாதீர்கள், பழையதைத் தேடுங்கள். "நேற்று நடந்தது" என்று சொல்லப்படும் காட்சி இரண்டு வருடம் முன்பே இணையத்தில் இருந்தால் அந்த இடத்திலேயே பொய் உடைந்துவிடும். முடிவுகளில் திரும்பத் திரும்ப வரும் ஊர்ப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் வீடியோவுக்கு வரும் பெயர் கராச்சி. அதை வைத்து யூடியூபில் இப்படித் தட்டுங்கள்:

```
karachi child kidnapping awareness video roshni helpline
```

கராச்சியில் காணாமல் போகும் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற அமைப்பு 2016-இல் வெளியிட்ட விழிப்புணர்வுப் படம் அது. எல்லாம் நடிப்பு. முழுப் படத்தில், தூக்கிப்போனவர்கள் அதே தெருவுக்குத் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிடுகிறார்கள். ஒருவர் அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் பொருள். இந்தியாவில் பரவியதில் அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

இதோடு நிறுத்தாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அதே சுவர், அதே நிழல், அதே வரிசையில் சிறுவர்கள் நிற்க வேண்டும். "இது மாதிரியே இருக்கிறது" என்பது போதாது. அதே நொடி, அதே கோணம் என்று உறுதியாக வேண்டும்.

எல்லாப் பொய்யும் நடிப்பாக இருக்காது. அதே 2018 புரளியில், வரிசையாகக் கிடத்தப்பட்ட குழந்தைகளின் உடல்கள் என்று ஒரு படமும் சுற்றியது. அது உண்மையான படம். ஆனால் 2013-இல் சிரியாவில் நடந்த நச்சுவாயுத் தாக்குதலில் எடுத்தது. ஆகவே "இது எடிட் செய்த படமா?" என்று கேட்பதைவிட "இது எங்கே, எப்போது எடுத்தது?" என்று கேட்பதே சரி.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. வாட்ஸ்அப் வழியாக வரும் வீடியோவில் எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரங்கள் அழிந்துவிடும். அதனால் ஃபைலைத் திறந்து பார்த்துத் தேதி சொல்ல முடியாது. ஆடியோ மட்டும் வந்தால் படத் தேடல் பயன்படாது. இன்று காலை எடுத்து இன்று மாலை வந்த வீடியோ எந்தத் தேடலிலும் இருக்காது. தேடிக் கிடைக்கவில்லை என்றால் அது உண்மை என்று ஆகிவிடாது, இன்னும் தெரியவில்லை என்றுதான் பொருள். அப்போது செய்தியில் சொல்லும் ஊரின் காவல் நிலையத்தைக் கேளுங்கள். தமிழக அரசின் தகவல் சரிபார்ப்பகமோ யூடர்னோ அதைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பதில் வரும்வரை அனுப்பாதீர்கள்.

இரட்டை அம்புக்குறியோடு "Forwarded many times" என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்பது மட்டுமே அதன் பொருள். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு குழுவுக்குத்தான் அனுப்ப முடியும். ஆனால் யாராவது வீடியோவை இறக்கிப் புதிதாக ஏற்றி அனுப்பினால் அந்த அம்பு போய்விடும். அம்பு இல்லை என்பதால் அனுப்பியவரே எடுத்தது என்று நினைக்க வேண்டாம்.

இனி, கண்டுபிடித்ததை எப்படி வீடியோவாக்குவது? இதற்கும் அந்தக் கராச்சிப் படமே பாடம். நல்ல எண்ணத்தில் எடுத்தவர்கள் உண்மையைக் கடைசியில் வைத்தார்கள். கடைசியை வெட்டியதும் அது புரளிக்கு ஆயுதமாகிவிட்டது. நாம் எடுக்கும் மறுப்பு வீடியோவையும் யாரோ வெட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டே எடுக்க வேண்டும். எந்த இடத்தில் வெட்டினாலும் உண்மை மிஞ்ச வேண்டும்.

ஆகவே முதல் ஐந்து நொடியில் முடிவைச் சொல்லிவிடுங்கள்: "இது கடத்தல் அல்ல. 2016-இல் கராச்சியில் நடித்து எடுத்த படம்." "அதிர்ச்சி வீடியோ, உண்மை என்ன?" என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் அதிர்ச்சியோடு நிறுத்திவிடுவார்கள். தூக்கிப்போகும் காட்சியை ஓடவிடாதீர்கள். ஒரு நிழற்படமாக மட்டும் காட்டுங்கள். அதன் குறுக்கே, நடுவில், "பொய்ச் செய்தி" என்று பட்டையாக எழுதுங்கள். மூலையில் எழுதினால் ஓரத்தை வெட்டி எடுத்துவிடலாம்.

பிறகு உங்கள் கைப்பேசித் திரையையே பதிவு செய்து காட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுப்பது, லென்ஸில் கொடுப்பது, பழைய தேதி வருவது, முழுப் படத்தில் அட்டை தெரிவது என்று வரிசையாக வரட்டும். பார்ப்பவர் நீங்கள் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, அவரே தேடிப் பார்த்துக்கொள்ளலாம். கடைசியில் சங்கத்தின் பெயரும் தேதியும் சொல்லுங்கள். மொத்தம் ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அதைத் தாண்டிய கிராமங்களுக்கும் உறவும் வேலையும் உள்ளவர்கள் நம்மில் இருக்கிறீர்கள். மேலே சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். அங்கே போய் லென்ஸில் தேடச் சொல்ல முடியாது. எனவே வீடியோவின் அளவைக் குறைத்து அனுப்புங்கள். எழுத்தை மட்டும் நம்பாமல், பேச்சிலும் முழு உண்மையைச் சொல்லுங்கள், படிக்காதவருக்கும் அது போய்ச் சேர வேண்டும். புரளி போன அதே குழுவுக்கு மறுப்பும் போக வேண்டும் என்பதால், யாரிடமிருந்து வந்ததோ அவருக்கே முதலில் அனுப்பி, அவர் அனுப்பிய இடங்களுக்கெல்லாம் இதையும் அனுப்பச் சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் குழுவில் திட்டினால் அவர் வெட்கப்பட்டுச் செய்தியை அழிப்பார், மறுப்பை அனுப்ப மாட்டார்.

மலைச் சாலையில் வழி கேட்டு நிற்கும் வெளியூர்க் காரும், துணி விற்க வரும் வியாபாரியும், பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கும் பாட்டியும் இனியும் வருவார்கள். சந்தேகம் இருந்தால் 112-க்குக் கூப்பிடுங்கள். குழந்தை பற்றிய கவலை என்றால் 1098 இருக்கிறது. கூட்டம் சேர்க்கும் செய்தி வந்தால், அதன் வால் எங்கே என்று முதலில் தேடுங்கள்.