மேசைக்குள் சிக்கிய காற்று



இரண்டு மரப்பலகைகளை இடைவெளி விட்டு வைத்து, நடுவில் தெளிவான எபாக்சி ரெசினை ஊற்றி இறுக வைத்த மேசைகளை நீங்கள் கடைகளிலோ ஓட்டல்களிலோ பார்த்திருப்பீர்கள். ரிவர் டேபிள் என்பார்கள். அதைச் செய்கிற தச்சருக்கு மரவேலையைவிடப் பெரிய தலைவலி குமிழி. ஊற்றி முடித்த மாலையில் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். மறுநாள் காலை பக்கவாட்டில் விளக்கு பிடித்துப் பார்த்தால் உள்ளே புகை படிந்தாற்போல் தெரியும். அத்தனையும் ஊசிமுனை அளவுக் காற்று. அது எங்கிருந்து வந்தது, ஏன் வெளியே போகவில்லை என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

எபாக்சி என்பது இரண்டு டின்களில் வருகிற சரக்கு. ஒன்றில் ரெசின், மற்றதில் ஹார்டனர். இரண்டையும் கலந்ததுமே அவை ஒன்றோடொன்று வினைபுரிந்து இறுகத் தொடங்கிவிடும். கலக்கும்போது உள்ளே போன காற்று மேலே ஏற வேண்டும். அது ஏறி முடிப்பதற்குள் ரெசின் இறுகிவிடக் கூடாது. ஊற்றும் கனம், கலவை விகிதம், வெப்பம் ஆகிய மூன்றும் இந்தப் பந்தயத்தை ஏதோ ஒரு வழியில் மாற்றுகின்றன.

குமிழி எவ்வளவு வேகமாக ஏறும் என்பதற்குக் கணக்கு உண்டு. குமிழியின் குறுக்களவு பாதியானால், ஏறும் வேகம் நாலில் ஒரு பங்காகிவிடும். விளக்கெண்ணெயை ஒத்த கெட்டியான ரெசினை எடுத்துக்கொள்வோம். ஆழம் 4 சென்டிமீட்டர். அடியிலிருந்து புறப்படுகிற 1 மில்லிமீட்டர் குமிழி ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே எடுத்து மேற்பரப்புக்கு வந்துவிடும். அதுவே 0.1 மில்லிமீட்டர் குமிழியாக இருந்தால் ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். அதனால் கண்ணுக்குத் தெரிகிற பெரிய குமிழிகளைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. அவை தாமாகவே போய்விடும். வேகமாகக் கலக்கி, பெரிய குமிழியை ஆயிரம் சின்னக் குமிழிகளாக உடைத்துவிடுவதுதான் ஆபத்து. டிரில் மெஷினில் கலக்கியை மாட்டிச் சுழற்றுகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

இப்போது கனத்துக்கு வருவோம். கடையில் எபாக்சி என்று கேட்டால் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று மேசையின் மேல்பூச்சுக்கானது. கெட்டியாக இருக்கும், அரை மணி நேரத்துக்குள் கையாள முடியாதபடி இறுகத் தொடங்கிவிடும். ஒரு தடவைக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் ஊற்றச் சொல்வார்கள். மற்றது ஆழமாக ஊற்றுவதற்கானது. நீர்த்து இருக்கும், மெதுவாக இறுகும். ஒரு நாள், இரண்டு நாள்கூட எடுத்துக்கொள்ளும். அதில் சில சரக்குகளை 5 சென்டிமீட்டர்வரை ஒரே தடவையில் ஊற்றலாம்.

மேல்பூச்சு ரெசினுக்கு ஏன் 3 மில்லிமீட்டர் என்ற கட்டு? மேலே சொன்ன கணக்கிலேயே விடை இருக்கிறது. 0.1 மில்லிமீட்டர் குமிழிக்கு 3 மில்லிமீட்டர் ஏற 8, 9 நிமிடம் போதும். 4 சென்டிமீட்டர் ஏற 2 மணி நேரம் வேண்டும். அதற்குள் ரெசின் இறுகிப் போயிருக்கும். விலை குறைவு என்று மேல்பூச்சு ரெசினை வாங்கி ஆழமான பள்ளத்தில் ஊற்றுகிறவர் தோற்பது இங்கேதான்.

இன்னொரு காரணம் சூடு. எபாக்சி இறுகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 200 கிராம் மேல்பூச்சு ரெசினைக் கலந்து, பாதியை ஒரு காகிதக் கோப்பையிலும் மீதியை ஓர் அகலமான தட்டிலும் ஊற்றி வையுங்கள். தட்டில் பரவியது கடைசிவரை வெதுவெதுப்பைத் தாண்டாது. கோப்பையில் இருப்பதோ கொஞ்ச நேரத்தில் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடும். ஒரே கலவை, ஒரே அறை. தட்டில் சூடு வெளியேற இடம் இருக்கிறது, கோப்பையில் இல்லை. அந்தச் சூடு வினையை மேலும் வேகப்படுத்த, அதனால் இன்னும் சூடு பிறக்கும். பெரிய வாளியிலோ ஆழமான அச்சிலோ இது 100 டிகிரியையும் தாண்டும். அப்போது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் புதுக் குமிழிகளை உண்டாக்கும், ரெசின் மஞ்சளிக்கும், விரிசல் விடும், புகையும் வரும். வாளி புகைய ஆரம்பித்தால் குனிந்து பார்க்காதீர்கள். திறந்த வெளியில் கொண்டுபோய் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

ஒரு மேசையை வைத்தே முழுக் கணக்கையும் போடலாம். வாகைப் பலகை இரண்டு, நடுவில் பள்ளம். நீளம் 120 சென்டிமீட்டர், சராசரி அகலம் 20, ஆழம் 4. மூன்றையும் பெருக்கினால் 9,600 கன சென்டிமீட்டர், அதாவது 9.6 லிட்டர். இடம் சென்னை, மாதம் ஏப்ரல், பட்டறைக்குள் 34 டிகிரி. டின்னில் 5 சென்டிமீட்டர்வரை ஊற்றலாம் என்று எழுதியிருக்கிறது. ஆனால் அந்த அளவு 25 டிகிரி அளவிலான அறையை மனதில் வைத்துச் சொன்னது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வினை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும். ஆகவே இந்த மேசையை நான் 2 சென்டிமீட்டர் வீதம் இரண்டு தடவையாகத்தான் ஊற்றச் சொல்வேன். அதற்காக அரை சென்டிமீட்டராகப் பிரித்து ஊற்றுவதும் கூடாது. மெதுவாக இறுகும் ரெசின் மிக மெல்லியதாகக் கிடந்தால், தனக்கு வேண்டிய சூடு கிடைக்காமல் நாள்கணக்கில் இளகியே கிடக்கும்.

ஒரு தடவைக்கு 4.8 லிட்டர். கலவை விகிதம் கொள்ளளவில் இரண்டுக்கு ஒன்று என்றால், ரெசின் 3.2 லிட்டர், ஹார்டனர் 1.6 லிட்டர். இதைத் தராசில் நிறுக்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். ரெசின் கனமானது, லிட்டருக்குச் சுமார் 1.1 கிலோ. ஹார்டனர் லேசானது, சுமார் 950 கிராம். எனவே 3 கிலோ 520 கிராம் ரெசினுக்கு 1 கிலோ 520 கிராம் ஹார்டனர்தான் சேர வேண்டும். எடையிலும் இரண்டுக்கு ஒன்று என்று எண்ணி 1 கிலோ 760 கிராம் ஊற்றினால், 240 கிராம் ஹார்டனர் அதிகம். எடை விகிதம் டின்னில் தனியாகப் போட்டிருக்கும். அதைப் பார்த்து நிறுங்கள்.

பாலியஸ்டர் ரெசினில் வேலை செய்து பழகியவர்கள், சீக்கிரம் இறுகட்டுமே என்று ஹார்டனரைக் கூட்டுவார்கள். அங்கே ஊற்றுவது வினையைத் தூண்டிவிடும் சில சொட்டுதான். எபாக்சியில் ஹார்டனரே பொருளின் ஒரு பகுதி. கூடுதலாகப் போட்டது இணைய ரெசின் கிடைக்காமல் உள்ளேயே தங்கி, மேசையை ரப்பர் மாதிரி தொய்ய வைக்கும். அது காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே எண்ணெய்ப் படலம் போடும். குறைவாகப் போட்டாலோ, கலவையை நீர்க்க வைக்கிற ஹார்டனர் போதாமல் ரெசின் கெட்டியாகவே நிற்கும், சின்னக் குமிழிகள் நகராது. அளவு சரியாக இருந்தும் வாளியின் ஓரத்தில் கலக்காமல் நின்றது ஊற்றும்போது வழிந்து வந்தால், அந்த இடம் மட்டும் பிசுபிசுக்கும். அதனால் தட்டையான குச்சியால் ஓரத்தையும் அடியையும் வழித்தபடி 5 நிமிடம் நிதானமாகக் கலக்குங்கள். பிறகு வேறொரு வாளிக்கு மாற்றி இன்னொரு தடவை கலக்குங்கள். மெதுவாக இறுகும் ரெசினை அதன்பின் 10 நிமிடம் விட்டு வைக்கலாம். மேல்பூச்சு ரெசினை அப்படி வைக்காதீர்கள், கோப்பையில் பார்த்த கதை வாளியில் நடக்கும்.

வெப்பம் இரண்டு பக்கமும் வேலை செய்யும். சூடு ரெசினை இளக்கும். குமிழி சுலபமாக ஏறும். அதே சூடு இறுகும் நேரத்தையும் குறைத்துவிடும். ஊட்டியில் டிசம்பரில் ஊற்றுகிறவர், கலப்பதற்கு முன் ரெசின் டின்னை வெதுவெதுப்பான நீரில் நிற்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குமிழி நகரவே நகராது. சென்னையில் டின்னை வெயில் படாத மூலையில் வைத்தாலே போதும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிர்ந்த டின்னைத் திறந்ததும் உள்ளே ஈரம் படியும்.

மரத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதன் துளைகள் முழுக்கக் காற்று. வெப்பம் ஏற ஏற அந்தக் காற்று விரிந்து வெளியே வரும். காலையில் ஊற்றி, பகல் முழுக்கத் தகரக் கூரையின் கீழ் விட்டால், மரம் மாலைவரை குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். வெயில் தணிந்த பிறகு ஊற்றினால், குளிர்கிற மரம் காற்றை உள்ளே இழுக்கும். இருந்தாலும் முதல் நாளே, ரெசின் படப்போகிற மரப்பரப்பு முழுவதும், பட்டை உரித்த ஓரங்கள் உட்பட, மெல்லிய எபாக்சிப் பூச்சு ஒன்றைத் தூரிகையால் தடவித் துளைகளை அடைத்தாக வேண்டும். என்னைக் கேட்டால், இந்த ஒரு பூச்சைத் தவிர்க்கிறவர் குமிழி உடைக்கும் கேஸ் டார்ச் வாங்கியும் பயனில்லை.

கேஸ் டார்ச் மேற்பரப்புக்கு வந்து நிற்கும் குமிழியை மட்டும்தான் உடைக்கும். ஒரு சாண் உயரத்தில் பிடித்து, எங்கும் நிறுத்தாமல் வீசிக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் நின்றால் மேலே தோல் கட்டி, கீழிருந்து வருகிற குமிழிகளை அதுவே அடைத்துவிடும். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு, மூன்று முறை போதும்.

முதல் படலத்தைத் தொட்டால் விரல் தடம் பதிய வேண்டும், ரெசின் விரலில் ஒட்டி வரக் கூடாது. அந்தப் பதத்தில் இரண்டாவதை ஊற்றினால் இரண்டும் ஒன்றாகப் பிணையும். முழுக்க இறுகிவிட்டது என்றால், உப்புத்தாளால் மங்கலாகும்வரை தேய்த்து, தூசியைத் துடைத்த பின்தான் ஊற்ற வேண்டும்.

இறுகிய பிறகும் குமிழி தெரிந்தால், அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கனம் முழுக்கச் சீராகப் பனிபோல் பரவியிருந்தால், கலக்கிய வேகம் காரணம். மர ஓரத்திலிருந்து மேல்நோக்கிக் கோடு கட்டி நின்றால், மரம் விட்ட காற்று. நடுப்பகுதியில் மஞ்சளோடும் விரிசலோடும் பெரிதாக இருந்தால், ஒரே தடவையில் அதிகம் ஊற்றியதால் வந்த சூடு. உள்ளே சிக்கிய பனியை எடுக்க வழியில்லை. மேற்பரப்பை ஒட்டியவை தேய்க்கும்போது திறந்துகொண்டு, தூசி புகுந்து வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அவற்றை ஊசியால் சுத்தம் செய்து, பல்குச்சி நுனியால் ஒவ்வொரு சொட்டு ரெசின் வைத்து, சற்றே மேடாக இறுக விட்டு, பிறகு தேய்த்துச் சமன் செய்துவிடலாம்.