வாளியில் மிதந்த முட்டை

(மதுரையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் வங்கியில் குமாஸ்தா. கவிதையும் எழுதுகிறவன். இன்றைக்குக் கவிதை பற்றிப் பேசப் போவதில்லை. ஒரு வேளாண்மை அதிகாரி பேசிய பேச்சைப் பற்றிப் பேசப் போகிறேன். சில வருஷங்களுக்கு முன் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அதைக் கேட்டேன். பயிர்க்கடன் மனுக்களை வாங்குவதற்காகப் போயிருந்தேன். போன இடத்தில் ஒரு களத்துமேட்டில் கூட்டம்.

ஒற்றை நாற்று நடவு பற்றிய கூட்டம் அது. அரசாங்கம் திருந்திய நெல் சாகுபடி என்றும் செம்மை நெல் சாகுபடி என்றும் பெயர் வைத்தது. மடகாஸ்கரில் ஹென்றி டி லொலானி என்ற பாதிரியார் விவசாயிகளோடு வேலை செய்து 1983 வாக்கில் கண்டறிந்த முறை. உலகத்துக்குப் புதுசு இல்லைதான், ஆனால் அந்த ஊருக்குப் புதுசு. பதினாலு நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, இருபத்திரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட வேண்டும். ஏக்கருக்கு இருபத்தஞ்சு முப்பது கிலோ விதைத்த இடத்தில் மூணு கிலோ போதும்.

நாற்காலிகளில் பட்டாதாரர்கள். களத்து ஓரம் வேப்பமரத்தடியில் நடவுக்குப் போகிற பெண்கள். சேரிப் பெண்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. வேலை முடிந்து போகிற வழியில் நின்றார்கள்.

முதல் கேள்வி நாற்காலியிலிருந்து வந்தது. "ஒத்தை நாத்து செத்துப் போச்சுன்னா?" நியாயமான கேள்வி. நாலு நாற்றாக நட்டால் ஒன்று போனாலும் மூணு இருக்கும். ஒன்றே ஒன்று நட்டால் அந்த ஒன்று தப்பக் கூடாது. அதிகாரி பதில் சொல்லவில்லை. ஒரு வாளி கேட்டார்.

பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றினார். "முதல்ல முட்டை முங்கும், பாருங்க" என்று கடையில் வாங்கி வந்த முட்டையைப் போட்டார். வெறும் தண்ணீரிலேயே அது மிதந்தது. சிரிப்பு. வேப்பமரத்தடியிலிருந்து ஒரு கிழவி குரல் கொடுத்தாள்: "சார், அது பழைய முட்டை. உள்ள காத்துப் பிடிச்சிருக்கு. இன்னைக்கு இட்டதாப் போடுங்க."

அவள் சொன்னதுதான் சரி. முட்டை பழசாக ஆக, ஓட்டின் வழியாக ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெருக்கும். அந்த முட்டையை நம்பியிருந்தால் உப்பே போடாமல் விதையைக் கொட்டியிருப்பார்கள். அதிகாரி கோபப்படவில்லை. "ஆத்தா, உங்க வீட்டுல இருக்கா?" என்றார். ஒரு சிறுமி ஓடிப் போய் எடுத்து வந்தாள். இந்த முட்டை அடியில் போய்ப் படுத்தது. "நீங்களே வந்து உப்பைப் போட்டுக் கலக்குங்க" என்று கிழவியைக் கூப்பிட்டார். நாற்காலிகளில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவள் தயங்கித் தயங்கித்தான் களத்துக்குள் வந்தாள்.

கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்தாள். படுத்திருந்த முட்டை முதலில் நிமிர்ந்து நின்றது. பிறகு மேலே வந்தது. பழைய நாலணாக் காசு அளவுக்கு ஓடு தண்ணீருக்கு மேலே தெரிந்ததும் அதிகாரி "போதும்" என்றார். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்பு பிடித்திருந்தது. முட்டையை எடுத்துவிட்டு, காய்ந்த விதைநெல்லைக் கொட்டிக் கையால் அளையச் சொன்னார். முன்னாடியே ஊறப்போட்ட நெல் இதற்கு ஆகாது. ஒரு பங்கு நெல் மேலே வந்து நின்றது. அந்த நெல்லைத்தான் அதற்கு முன் எல்லாருடைய கையிலும் கொடுத்து, "எது சொத்தைன்னு சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். யாராலும் சொல்ல முடியவில்லை.

"சுளகு என்ன செய்யுது? காத்துல பதரைப் பறக்க விடுது. இது தண்ணியில புடைக்கிற சுளகு" என்றார். கிழவி கேட்டாள்: "நான் ரெண்டு தரம் புடைச்ச நெல்லு மாதிரித்தானே இருக்கு. அப்புறம் ஏன் மெதக்குது?" அந்த ஒப்புமை எங்கே நின்று போகிறதோ அங்கே சரியாகக் கேட்டாள். காற்றில் முழுப் பதர் போய்விடும். அரைகுறையாகப் பால் பிடித்த கருக்காய் போகாது. வெறும் தண்ணீரிலும் அது முங்கிவிடும். உப்புத் தண்ணீர் கனமானது என்பதால் அதற்குள் முங்குவதற்கு நெல் நன்றாக முற்றியிருக்க வேண்டும்.

"கருக்காயும் முளைக்கத்தானே செய்யுது?" என்றார் ஒரு பட்டாதாரர். "முளைக்கும். ஆனா உள்ள இருக்கிற அரிசி, நாத்து கையில கட்டிக்கிட்டு வர்ற கட்டுச்சோறு. வேர் பிடிச்சு, இலை விட்டுத் தானே சம்பாதிக்கிற வரைக்கும் அதைத்தான் திங்கணும். பாதிப் பொட்டலத்தோட பயணம் கிளம்புனவன் பாதி வழியில படுத்துருவான்." கேள்வி கேட்டவர் தலையை ஆட்டினார்.

இந்த வாளி வித்தை நம்மவர் கண்டது இல்லை. ஜப்பானில் ஃபுகுவோகாவில் யோகோய் டோக்கியோஷி என்ற ஆசிரியர் 1882இல் உப்புத் தண்ணீரில் விதை பொறுக்கும் முறையை வகுத்தார். ஆய்வுக்கூடக் கருவி இல்லாமல் ஏழை விவசாயி செய்து பார்க்கலாம் என்பதால் அது நிலைத்தது.

தவறு நடக்கிற இடங்களையும் அதிகாரி மறைக்கவில்லை. முங்கின விதையை உடனே எடுத்து இரண்டு மூன்று தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும். கடைசியாகக் கழுவின தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்த ஈடு விதை போடும் முன் முட்டையை மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும், கரைசல் நீர்த்திருக்கும். கனமான விதையெல்லாம் உயிருள்ள விதை இல்லை. நாள்பட்ட நெல் கனமாகவே இருக்கும், முளைக்காது. அதனால் நூறு விதையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து எண்ண வேண்டும். எண்பதுக்குக் கீழே போனால் அந்த நெல்லை நம்பி ஒற்றை நாற்று நடக் கூடாது. சான்று விதை வாங்கினவர்களுக்கு இந்த வாளியால் பெரிய லாபம் இல்லை, அது முன்னமே தரம் பிரித்தது. சொந்தக் குதிரில் விதை எடுத்து வைக்கிறவனுக்குத்தான் லாபம்.

தோழர்களே, ஒரு நல்ல பேச்சு எப்படி நடக்கும் என்பதை அன்றைக்குப் பார்த்தேன். அவர் நம்பச் சொல்லவில்லை, பார்க்கச் சொன்னார். தன் முட்டை தோற்றதும் தெரிந்தவளிடம் கேட்டார். நாற்று பிடிக்கிற கை அவளுடையது. நாற்காலியில் இருந்த ஒருத்தரும் சேற்றில் இறங்கி நடப் போவதில்லை. பதினாலு நாள் நாற்றை வேரில் மண்ணோடு, விதை உதிராமல், மேலாக வைக்க வேண்டியவள் அவள்தான். அவளை விட்டுவிட்டு அவர் பேசியிருந்தால் அந்த முறை வயலுக்குப் போயிருக்காது.

ஆனால் பேச்சு ஓரிடத்தில் முட்டி நின்றது. ஒற்றை நாற்று நடவில் களை அதிகம் வரும். அதற்குக் கோனோவீடர் என்ற உருளைக் கருவி. நட்ட பத்துப் பதினைந்து நாளில் தொடங்கிப் பத்து நாளைக்கு ஒரு தரம் வரிசைக்கு நடுவே தள்ள வேண்டும். "கை களைக்கு எத்தனை ஆளு, இதுக்கு எத்தனை ஆளு பாருங்க. கூலி மிச்சம்" என்றார் அதிகாரி. பட்டாதாரர்கள் முகம் மலர்ந்தது.

கிழவி வாளியில் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "களையெடுப்புத்தான் சார் எங்களுக்கு நாலு நாள் சோறு. அந்த உருளைய நாங்களே தள்ளுறோம். அதே கூலி குடுப்பாகளா?"

அதிகாரி நாற்காலிகளைப் பார்த்தார். நாற்காலிகள் பேசவில்லை. அவர் கைப்பிரதியை மடித்துப் பையில் வைத்தார்.

விதைக்குச் சொல்ல அவரிடம் ஒப்புமை இருந்தது. கூலிக்கு இல்லை. தவறு அவருடையது என்று நான் சொல்ல மாட்டேன், அவரை அனுப்பிய திட்டத்தில் அந்த வரி இல்லை. கருவியைத் தள்ளும் வேலை பல ஊர்களில் ஆண்களுக்குப் போயிற்று, பெண்களின் களைக்கூலி போயிற்று. அடுத்த முறை உங்கள் ஊரில் களத்துமேட்டில் வாளி வைத்தால் போய் நில்லுங்கள். முட்டை புதுசா என்று பாருங்கள். கிழவி கேட்ட கேள்வியை அந்தக் கூட்டத்திலேயே, எல்லார் முன்னாலும், இன்னொரு முறை கேளுங்கள்.