முகத்துக்கு மூன்று போதும்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு இன்றைய தகவல்.

முகத்துக்கு மென்மையான ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மூன்றே போதும். கழுவியபின் தோல் இறுக்கமாக இழுத்தால் அந்த ஃபேஸ் வாஷ் உங்களுக்குக் கடுமை, மாற்றிவிடுங்கள். ஈரம் முழுதும் காயும்முன் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். எண்ணெய் வழியும் முகமென்றால் ஜெல் வகை ஏற்றது.

பலரும் தவறுவது சன்ஸ்கிரீனில்தான். எஸ்பிஎஃப் 30 என்பது தாராளமாகத் தடவிச் சோதித்த அளவு. பொட்டளவு தொட்டுவைத்தால் அந்தக் காப்பு கிடைக்காது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகம், கழுத்துக்குச் சரியாக இருக்கும். வெயிலில் நிற்கும் வேலையென்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவ வேண்டும்.

நைட் ஷிஃப்ட் போகிறவர்களுக்கு இரவில் சன்ஸ்கிரீன் தேவையில்லை. காலையில் ஷிஃப்ட் முடிந்ததும் முகம் கழுவி, மாய்ஸ்சரைசருக்குமேல் சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டு பஸ் ஏறுங்கள். ஜன்னலோர வெயிலும் தோலைக் கருக்கும்.

மூன்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்தால், எரிச்சலோ சிவப்போ வந்தால் எதனால் என்று தெரிந்துவிடும். சிவப்பழகு தரும் என்று யாராவது ஸ்டீராய்டு க்ரீம் கொடுத்தால், மருத்துவர் எழுதித் தராமல் அதைத் தொடாதீர்கள்.