முன்பணத்துக்கு முன் அட்டவணை

பண்டார் தெங்காராவிலிருந்து பிள்ளையை மருத்துவம் படிக்க அயல்நாடு அனுப்ப நினைக்கும் பெற்றோர், முகவரிடம் முன்பணம் செலுத்துமுன் பார்க்கவேண்டியது, 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே.

அதில் நாடு, பல்கலைக்கழகம், பட்டம் ஆகிய மூன்றும் முகவர் காட்டும் பெயர்களோடு பிசகாமல் ஒத்திருந்தால்தான், அப்பட்டதாரி மலேசிய மருத்துவ மன்றத்தின் தகுதித் தேர்வை எழுதாமலே தற்காலிகப் பதிவு பெற்று, மருத்துவமனைப் பயிற்சியில் சேர வழி உண்டு. இல்லையேல் அத்தேர்வில் தேறியாக வேண்டும். உலக மருத்துவக் கல்லூரிகளின் பெயரேட்டில் இடம்பெற்றிருப்பதை முகவர் பிரமாதமாகக் காட்டினாலும், அது அங்கீகாரத்துக்கு அத்தாட்சி ஆகாது.

அட்டவணையும் சாசுவதமன்று. உக்ரேனின் கிரிமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை மன்றம் 2005இல் திரும்பப் பெற்றபோது, அங்கே பிள்ளைகளை அனுப்பியிருந்த நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் பெருங்கலக்கம் அடைந்தன.

ஆகவே, முகவரின் வாய்மொழியை நம்பாது, பல்கலைக்கழகத்தின் முழுப்பெயரையும் பட்டத்தின் பெயரையும் சேர்க்கை ஆண்டையும் குறிப்பிட்டு மன்றத்துக்கே எழுதி, பிள்ளையின் எஸ்.பி.எம். மதிப்பெண்கள் குறைந்தபட்சத் தகுதிக்குப் போதுமா என்பதையும் வினவி, எழுத்து மூலமான பதிலைப் பத்திரப்படுத்திய பின்னரே பணத்தைச் செலுத்துவது விவேகம்.