ஆர்.டி.யா, எஃப்.டி.யா? மாதச் சம்பளத்தில் சேமிப்பவருக்கு ஒரு கணக்கு

(நெல்லிக்குப்பத்தில் நடந்த நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



போன மாதம் லிஃப்ட் வாசலில் நம் குடியிருப்புத் தம்பி ஒருவர் என்னை நிறுத்தினார். நெய்வேலிக்கு தினமும் வேலைக்குப் போய் வருகிறவர். மகள் இப்போதுதான் பத்தாவது முடித்திருக்கிறாள். இரண்டு வருஷம் கழித்து கல்லூரியில் சேர்க்கும்போது கையில் இரண்டரை லட்சம் ரூபாய் இருக்க வேண்டும். மாதம் பத்தாயிரம் ஒதுக்க முடியும் என்றார். "சார், ஆர்.டி. போட்டால் பாங்கில் ஏமாற்றுகிறார்கள். எஃப்.டி.க்கும் ஏழு சதவீதம், ஆர்.டி.க்கும் ஏழு சதவீதம் என்கிறார்கள். ஆனால் ஆர்.டி.யில் வட்டி பாதிதான் வருகிறது" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அவர் பார்த்த எண்கள் சரிதான். இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்தை ஏழு சதவீதத்தில், காலாண்டுக் கூட்டுவட்டிக்கு, இரண்டு வருஷம் எஃப்.டி.யில் போட்டால் வட்டி சுமார் 35,700 ரூபாய். அதே தொகையை மாதம் பத்தாயிரமாக 24 மாதம் ஆர்.டி.யில் கட்டினால் வட்டி சுமார் 18,200 ரூபாய். பாதிதான்.

ஆனால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எஃப்.டி.யில் முழுப் பணமும் முதல் நாளே உள்ளே போய் 24 மாதமும் வேலை செய்கிறது. ஆர்.டி.யில் முதல் தவணை 24 மாதம் வேலை செய்கிறது, இரண்டாவது தவணை 23 மாதம், கடைசித் தவணை ஒரே ஒரு மாதம். முதல் பத்தாயிரம் ஏறக்குறைய 1,490 ரூபாய் வட்டி ஈட்டினால், கடைசிப் பத்தாயிரம் 58 ரூபாய்தான் ஈட்டும். 24, 23, 22 என்று ஒன்று வரை கூட்டிப் பாருங்கள், 300 வரும். எஃப்.டி.யில் 24 பத்தாயிரங்களும் ஆளுக்கு 24 மாதம் இருப்பதால் 576. வட்டி பாதியாகத் தெரிவதற்குக் காரணம் இந்த 300-க்கும் 576-க்கும் உள்ள வித்தியாசம்தான். வட்டி வீதம் இரண்டிலும் ஒன்றே.

அந்தத் தம்பியிடம் இன்றைக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கிடையாது. எனவே அந்த எஃப்.டி. அவருக்கு முன்னால் இருக்கும் வழியே அல்ல. அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மாதாமாதம் வரும் பத்தாயிரத்தை ஆர்.டி.யில் போடாவிட்டால் வேறு என்ன செய்வேன்?

நம்மில் பலர் செய்வது, சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறுபதாயிரம் சேர்ந்ததும் எஃப்.டி. போடுவது. சேமிப்புக் கணக்குக்கு இரண்டரை சதவீதம், எஃப்.டி.க்கு ஏழு என்று வைத்துக் கணக்கிட்டால், இரண்டு வருஷ முடிவில் வட்டி சுமார் 14,750 ரூபாய். ஆர்.டி.யைவிட மூவாயிரத்து நானூறு ரூபாய்க்கு மேல் குறைவு. அதுவும் நடுவில் அந்தப் பணத்தைத் தொடாமல் இருந்தால். சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பணம் தீபாவளிக்கும் வண்டி ரிப்பேருக்கும் கரைந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொரு வழி, மாதம் ஒரு எஃப்.டி. போட்டு எல்லாவற்றையும் ஒரே தேதியில் முதிர வைப்பது. கணக்குப்படி இது ஆர்.டி. மாதிரியேதான். ஆனால் கடைசி மாதங்களில் போடுகிற எஃப்.டி. இரண்டு மாதம், மூன்று மாதம் என்று குறுகிய காலத்துக்குத்தான் இருக்கும். அந்தக் காலத்துக்கு வங்கிகள் தரும் வட்டி பொதுவாகக் குறைவு. ஆர்.டி.யில் கடைசித் தவணைக்கும் இரண்டு வருஷ வட்டி வீதமே கிடைக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஆர்.டி. தொடங்கும் நாளில் என்ன வட்டியோ, இனி கட்டப்போகும் எல்லாத் தவணைக்கும் அதே வட்டி. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரிக்கும் டிசம்பருக்கும் இடையில் ரெப்போ விகிதத்தை 6.50-லிருந்து 5.25 சதவீதமாகக் குறைத்தது. வங்கிகளும் டெபாசிட் வட்டியைக் குறைத்தன. 2025 ஜனவரியில் ஆர்.டி. தொடங்கியவர் அதற்குப் பிறகு கட்டிய தவணைகளுக்கும் பழைய வட்டியே பெற்றார். மாதம் ஒரு எஃப்.டி. போட்டவருக்கு ஒவ்வொரு முறையும் அன்றன்றைய வட்டிதான். இது எதிர்ப்பக்கமும் வெட்டும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4-லிருந்து 6.50 ஆக ஏறியபோது, அதற்குமுன் ஆர்.டி. தொடங்கியவர் பழைய குறைந்த வட்டியிலேயே கட்டிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் இதற்காக அதிகம் கவலைப்பட வேண்டாம். நம் கணக்கில் ஏழு சதவீதத்துக்குப் பதில் ஆறரை என்றால், இரண்டு வருஷத்தில் குறைவது சுமார் 1,350 ரூபாய். ஒரு தவணையைக் கட்டாமல் விட்டால் இலக்கில் பத்தாயிரம் குறைகிறது, அதற்கு மேல் அபராதமும் உண்டு. அரை சதவீதத்துக்காக ஊர் பேர் தெரியாத இடத்தைத் தேடிப் போவதைவிட, தவணை தவறாமல் பார்த்துக்கொள்வது பெரிய லாபம். சம்பளம் மாதக் கடைசியில் வந்தால், தவணைத் தேதியை ஐந்தாம் தேதியாக வைத்துத் தானாகப் பிடிக்கும்படி எழுதிக் கொடுங்கள். சம்பளம் இரண்டு நாள் தாமதமானாலும் கணக்கில் பணம் இருக்கும்.

ஆர்.டி.யின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. பாதியை மட்டும் எடுக்க முடியாது. நடுவில் நாற்பதாயிரம் தேவைப்பட்டால் முழு ஆர்.டி.யையும் மூட வேண்டும். அப்போது, கணக்கு எத்தனை மாதம் ஓடியதோ அந்தக் காலத்துக்கான வட்டியிலிருந்து, பெரும்பாலும் அரை அல்லது ஒரு சதவீதம் கழித்துத் தருவார்கள். எஃப்.டி.களாக வைத்திருந்தால் தேவைக்கு ஒன்றிரண்டை மட்டும் உடைக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் எஃப்.டி. மேல். இதற்கு நான் சொல்வது: பத்தாயிரத்தை ஒரே ஆர்.டி.யாகப் போடாமல், ஆறாயிரம், நாலாயிரம் என்று இரண்டாகப் போடுங்கள். அவசரம் வந்தால் சின்னதை மூடலாம், பெரியது ஓடிக்கொண்டே இருக்கும்.

தபால் ஆபீஸ் ஆர்.டி. பற்றிக் கேட்கிறீர்கள். நல்ல திட்டம்தான். ஆனால் அதற்குக் காலம் ஐந்து வருஷம். மூன்று வருஷம் முடிந்தபிறகுதான் முன்கூட்டி மூடலாம், அப்போதும் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். இரண்டு வருஷத்தில் வரும் கல்லூரிக் கட்டணத்துக்கு அது பொருந்தாது. ஐந்து வருஷம் கழித்து வரும் செலவுக்குப் பொருந்தும்.

எஃப்.டி. எப்போது? கையில் மொத்தமாகப் பணம் வரும்போது. போனஸ், அரியர்ஸ், சீட்டுப் பணம், நிலம் விற்ற பணம். அதை மாதம் கொஞ்சமாக ஆர்.டி.யில் கட்டினால், மீதிப் பணம் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கும். அதை அன்றே எஃப்.டி.யில் போட்டுவிட வேண்டும், முதிர்வுத் தேதியை ஆர்.டி. முதிரும் தேதியோடு பொருத்தி.

வரி விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். வட்டி உங்கள் வருமானத்தில் சேரும். ஆர்.டி. வட்டிக்கு டி.டி.எஸ். கிடையாது என்பது பழைய கதை, 2015 ஜூன் முதல் அதற்கும் உண்டு.

அந்தத் தம்பிக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இதுதான். ஏழு சதவீதம் கிடைத்தால், இரண்டரை லட்சத்துக்கு மாதம் 9,700 போதும். ஆனால் பத்தாயிரமே கட்டச் சொன்னேன். வட்டி கொஞ்சம் குறைந்தாலும், வரி போனாலும், இலக்கு தவறாது. ஜூனில் கட்டணம் கட்ட வேண்டும் என்பதால் மே 5-ஆம் தேதியே முதிரும்படி தொடங்கச் சொன்னேன். இரண்டு ஆர்.டி.யாகப் பிரித்துப் போட்டிருக்கிறார். அடுத்த போனஸ் வந்தால் எஃப்.டி.

பத்திரத்தை வாங்கியதும் முதிர்வுத் தேதியையும் முதிர்வுத் தொகையையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பத்திரத்தோடு என் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம்.