மெட்டுல தடுக்கி விழற மெய்யெழுத்து

இந்த வரியை முதல்ல சும்மா பேசிப் பாருங்க: ‘உன் சொற்கள் கேட்க நிற்கிறேன்.’ ஒரு பிரச்சனையும் இல்ல. இப்போ ‘சொற்’ல மூணு தாளம் நிறுத்திப் பாடுங்க. ‘சொ’ குறில், இழுக்கணும்னா ‘சோ’ன்னு ஆகிடும். ‘ற்’ல நிக்கலாம்னா, நாக்கு மேல ஒட்டினதும் சத்தம் நின்னுடும். உடனே ‘க’வுக்குத் தொண்டைப் பக்கம் போகணும். அவசரத்துல பாடகர் வாயில ‘சொறுகள்’னு வரும்.

‘சொல்லைக் கேட்க’ன்னு மாத்தினா? ‘சொல்’, ‘லை’ன்னு அதே ரெண்டு அசை, மெட்டு அசையாது. ‘ல்’லை மூச்சு இருக்கிறவரை இழுக்கலாம். ன், ம், ழ் எல்லாமே அப்படித்தான்.

அதே ஜோர்ல ‘கேட்க’வையும் ‘கேட்டு’ன்னு ஆக்கத் தோணும். ‘ட்க’வை விட ‘ட்டு’ சுலபம், நாக்கு ஒரே இடத்துல இருக்கும். ஆனா ‘சொல்லைக் கேட்டு நிற்கிறேன்’னா காத்திருக்கிற காதலன் போய், சொன்னபடி நடக்கிற ஆள் வந்துடறான்! அதனால ‘கேட்க’ இருக்கட்டும். அங்க ‘கே’ நெடில். நீட்டலை அதுலயே முடிச்சுட்டு, ‘ட்க’வைக் கடைசியில டக்குனு தொட்டா போதும்.

‘நிற்கிறேன்’ல அதே ‘ற்க’தான். ஆனா மெட்டு அங்க வேகமா ஓடுதுன்னா, பேச்சு மாதிரியே கடந்துடும். நான் அதைத் தொட மாட்டேன்.