படம் போனபின் எழுதிய வரி



சென்ற கோடையில் எங்கள் மூத்தோர் சங்கத்தினர் ரொறன்ரோவிலிருந்து நயாகராவுக்குப் போய் வந்தார்கள். முழங்கால் வலியால் நான் போகவில்லை. ஒரு குழுப்படத்தைச் சங்கத்தின் முகநூலில் போட்டார்கள். மறுநாளே படத்திலிருந்த ஓர் அக்கா, தான் இருக்குமிடம் சிலருக்குத் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டா. உடனே படத்தை நீக்கி, எல்லோரும் தங்கள் கைபேசியிலிருந்தும் அழித்துவிட்டார்கள்.

படம் இல்லாவிட்டாலும் பயணத்தைப் பற்றி ஒரு பதிவு வேண்டும் என்று அந்த வேலை என்னிடம் வந்தது. கைவசம் இருந்தது ஒன்றுதான். கண்பார்வை குறைந்த என் அண்ணருக்காக மருமகள் தட்டச்சு செய்து அனுப்பிய விவரிப்பு அது:

"கம்பி ஓரமாக ஏழு பேர். இடது பக்கம் பச்சைச் சேலை அக்கா. பின்னால் குதிரைலாட வடிவ நீர்வீழ்ச்சி, அதன்மேல் வானவில். கீழே ஒரு படகு, அதிலுள்ளவர்கள் எல்லோரும் நீல மழையங்கி."

நான் முதலில் எழுதியது: "காலையிலேயே படகேறி நனைந்தோம், ஏழு பேரும்!" வாசிக்க நன்றாக இருந்தது. விவரிப்போடு ஒப்பிட்டபோது ஒவ்வொன்றாகக் கழன்றது.

எங்களவர்கள் நின்றது கரையில். படகில் இருந்தவர்கள் வேறு ஆட்கள். 2014 முதல் கனடாப் பக்கத்துப் படகில் சிவப்பு மழையங்கி கொடுக்கிறார்கள். நீலம் அமெரிக்கப் பக்கத்துப் படகுக்குரியது. அடுத்தது வானவில். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் அது கண்ணில் படும். கனடாக் கரையில் நின்று நீர்வீழ்ச்சியைப் பார்ப்பவருக்குச் சூரியன் பின்னால் வருவது பின்னேரத்தில். ஆகவே "காலை" என்பதும் பிழை. மருமகளைக் கேட்டேன். "மூன்று மணி இருக்கும் மாமா, படகில் ஏறவேயில்லை" என்றாள்.

"நனைந்தோம்" என்பதையும் வெட்டினேன். போகாத நான் "தோம்" போடலாமா?

மிச்சமிருந்தது பச்சைச் சேலை. விவரிப்பில் அதுதான் கண்ணில் நிற்கும் சொல். ஆனால் அதை எழுதினால், படத்தை எடுத்தும் ஆளைக் காட்டியதாகிவிடும். "ஏழு பேர்" என்றாலும் யார் யார் என்று எண்ணத் தொடங்குவார்கள். "ஒருவர் கேட்டதால் நீக்கினோம்" என்றால் அந்த ஒருவரைத் தேடுவார்கள். மூன்றையும் விட்டேன்.

கடைசியில் போட்டது இது:

"நயாகரா, கனடாக் கரை, பின்னேரம். வெயில் முதுகில், வானவில் முகத்துக்கு நேரே. கீழே நீல மழையங்கிகளோடு அமெரிக்கப் படகு. கம்பியோரம் நம்மவர்கள். இந்தப் பதிவுக்குப் படம் இல்லை. எழுதிவைத்த விவரிப்பைக் கொண்டு எழுதியது."

பதிவிடுமுன் அந்த அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் அதுக்குள்ள நிக்கிறன், ஆனா ஒருத்தருக்கும் தெரியாது" என்றா. அதன் பிறகுதான் பதிவிட்டேன்.